தோழியின் மளிகைக் கடைக்கு ஒரு வாழ்த்து மடல்

கேள்வி: என் பள்ளித் தோழி திண்டுக்கல்லில் தன் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவிலேயே மளிகைக் கடை திறக்கிறாள். ஆவணியில் நாள் குறித்துவிட்டார்கள். வளையலை அடகு வைத்து 2 லட்சம், சேமிப்பிலிருந்து 3 லட்சம் என்று 5 லட்சம் முதல் போட்டிருக்கிறாள். எனக்குப் பள்ளியில் காலாண்டுத் தேர்வு வேலை இருப்பதால் நேரில் போக முடியாது. அச்சடித்த வாழ்த்து அட்டையை வாங்கி அனுப்ப மனம் வரவில்லை. வியாபாரத்தில் அவள் ஏமாந்துவிடக் கூடாதே என்ற கவலையும் இருக்கிறது. அறிவுரை மாதிரி ஆகிவிடாமல், வாழ்த்தும் நடைமுறையும் கலந்து எப்படி எழுதுவது? எதை எழுதலாம், எதை விடலாம்?
— வாசகி, கரூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு தாளாக எழுதுங்கள். ஒன்று எல்லோரும் படிக்க, இன்னொன்று அவள் மட்டும் படிக்க. சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவதே என் தொழில் என்பதால் கடை திறப்புக்கு அடிக்கடி அழைப்பு வரும். வருகிற வாழ்த்து அட்டைகள் எங்கே போகின்றன என்று பார்த்திருக்கிறேன். கல்லாவுக்குப் பக்கத்தில் சந்தனக் கிண்ணமும் கல்கண்டுத் தட்டும் இருக்கும். அதன் ஓரத்தில்தான் அட்டைகளை அடுக்கி வைப்பார்கள். மாமனார் எடுத்துப் பார்ப்பார், கட்டடக்காரர் எடுத்துப் பார்ப்பார், ஆர்டர் கேட்டு வந்து நிற்கும் ஏஜென்சி சேல்ஸ்மேனும் எடுத்துப் பார்ப்பார். அந்த அட்டையில் ‘வளையலை அடகு வைத்துத் தொடங்குகிறாய், பார்த்து நடந்துகொள்’ என்று ஒரு வரி இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அவள் மனம் சுருங்கும் என்பது ஒருபுறம். சரக்கு கொடுக்க வந்தவர், ‘இந்தக் கடையில் கைப்பணம் இல்லை போல’ என்று கணக்குப் போட்டு, ஒரு வாரத் தவணை தரவேண்டிய இடத்தில் ரொக்கம் கேட்பார். நல்ல மனதோடு எழுதிய வரி அவளுக்கு முதல் நாளே செலவு வைத்துவிடும்.

அதனால் வெளியில் வைக்கும் அட்டையில் மங்கலம் மட்டும் இருக்கட்டும். கடைக்காரர்கள் புதுக்கணக்கு நோட்டில் எழுதுகிற மாதிரியே தொடங்கலாம்: மேலே பிள்ளையார் சுழி, அதன் கீழே ‘லாபம்’. படியால் அளக்கும் பழைய வியாபாரிகள் முதல் படிக்கு ஒன்று என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று சொல்லித்தான் அடுத்த படிக்கு ‘இரண்டு’ என்பார்கள். உங்கள் தோழி வீட்டு வழிபாடு வேறு என்றால் பிள்ளையார் சுழியை விட்டுவிட்டு ‘லாபம்’ மட்டும் எழுதுங்கள், அது எந்தக் கடைக்கும் பொருந்தும். அட்டைக்கு இவ்வளவு போதும்:

உ
லாபம்

அன்புத் தோழிக்கு,
முதல் போணி நல்ல கையால் நடக்கட்டும். வாசலில் கட்டிய மாவிலை காய்வதற்குள் தெருவுக்கே உன் கடை பழகிவிடட்டும். உன் தராசு நேராக நிற்கட்டும். ‘அந்தக் கடையில் பருப்பு சுத்தமாக இருக்கும், எடை சரியாக இருக்கும்’ என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்லட்டும். குடும்பத்தோடு நீ நன்றாக இருக்க வேண்டும்.
உன் தோழி

இதில் தராசு வரியை எடுத்துவிடாதீர்கள். மளிகைக் கடைக்கு அதைவிடப் பெரிய வாழ்த்து எனக்குத் தெரியவில்லை, அதில் நடைமுறையும் இருக்கிறது. மின்னணுத் தராசுக்கு வருடம் ஒருமுறை எடையளவு ஆய்வாளரிடம் முத்திரை போட்டுச் சான்றிதழ் வாங்கி வைக்க வேண்டும். புதுத் தராசு வாங்கும்போது முத்திரையோடு வரும், அடுத்த வருடம் வரும்போது பலருக்கும் மறந்துபோகும். வாழ்த்தில் தராசைப் பற்றி ஒரு சொல் இருந்தால் அவளுக்கு நினைவுக்கு வரும். நீங்கள் சட்டம் பேசியதாகவும் இருக்காது.

இனி இரண்டாவது தாள். உங்கள் கவலையெல்லாம் இதில்தான் போக வேண்டும். கவலை என்று சும்மா சொன்னால் போதாது, எதைப் பற்றிய கவலை என்று உங்களுக்கே தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் அவள் 5 லட்சம் எப்படிக் கரையும் என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

இந்த அளவு கடைக்கு நான் வழக்கமாகப் பார்க்கும் கணக்கு இது. கட்டடத்துக்கு அட்வான்ஸ் 1 லட்சம். ரேக், போர்டு, தராசு, குளிர்பெட்டி, வயரிங் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம். முதல் சரக்கு 2 லட்சம். கையில் மிஞ்சுவது 50,000. கடையின் உயிர் இந்த 50,000தான், ஆனால் திறப்பு விழாச் செலவு, விளம்பர நோட்டீஸ், வாசல் பந்தல், இன்னும் ஒரு ரேக் என்று முதலில் கரைவதும் இதுதான். முதல் சரக்கை எல்லோரும் திட்டம் போட்டு வாங்கிவிடுவார்கள். இரண்டாவது கொள்முதலுக்குக் கையில் பணம் இல்லாமல் திணறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் சரக்கு ஒரே சீராக விற்காது. பத்தே நாளில் பொன்னி அரிசியும் துவரம்பருப்பும் எண்ணெயும் தீர்ந்துவிடும், சேமியாவும் விலை அதிகமான சோப்பும் ஊறுகாய் பாட்டிலும் அப்படியே நிற்கும். ரேக்கைப் பார்த்தால் கடை நிறைந்திருப்பது போலத் தெரியும், ஆனால் வருகிறவர் கேட்கும் சாமான் இருக்காது. இரண்டு தடவை ‘நாளைக்கு வரும்’ என்று சொல்லிவிட்டால், மூன்றாம் தடவை அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திறந்த முதல் பத்து நாள் வியாபாரம் நிஜ வியாபாரம் இல்லை. சொந்தக்காரர்கள் வருவார்கள், தெரிந்தவர்கள் வருவார்கள், புதுக்கடையை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தெருவே வரும். அந்த விற்பனையை வைத்து இரண்டாவது கொள்முதலைக் கூட்டிப் போட்டவர்கள் மூன்றாவது வாரம் சோர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாவது வாரத்தில் கூட்டம் குறைவது எந்தக் கடைக்கும் நடக்கும். இது முன்னாலேயே தெரிந்திருந்தால் அவள் பயப்பட மாட்டாள். உங்கள் மடலில் இதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள்.

அடுத்தது கடன். நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் ‘ஏமாந்துவிடக் கூடாதே’ என்று எழுதியதில் இதுதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கடை ஓரளவு நிலைபெற்று ஒரு நாளைக்கு 8,000 ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2,40,000. அரிசி, சர்க்கரை, எண்ணெயில் லாபம் மிகக் குறைவு, மசாலாவிலும் தானே பொட்டலம் போடும் பருப்பு வகையிலும் கொஞ்சம் கூடுதல். எல்லாம் சேர்த்து நூற்றுக்கு 12 நிற்கிறது என்றால் மாதம் 28,800. வாடகை 7,000, குளிர்பெட்டி இருப்பதால் கரண்ட் பில் 2,500, வண்டிக் கூலி, கவர், சில்லறைச் செலவு 3,000. மிச்சம் 16,300. ஆள் வைக்காமல் அவளே காலை முதல் இரவு வரை நின்றால் வருகிற தொகை இது.

இப்போது தினமும் 8,000த்தில் 1,500 மட்டும் கடனாகப் போகிறது, ஒரு மாதம் கழித்து ஒழுங்காக வந்துவிடுகிறது என்று வையுங்கள். யாருமே ஏமாற்றவில்லை, எல்லோரும் நல்லவர்கள். அப்போதும் எந்த நாளில் எண்ணிப் பார்த்தாலும் 45,000 ரூபாய் தெருவில் நிற்கும். அதில் அவளுடைய லாபத்தைக் கழித்தால் கைமுதல் ஏறக்குறைய 40,000. இரண்டாவது கொள்முதலுக்கு வைத்திருந்த 50,000இல் பெரும்பகுதி அதற்கே போய்விட்டது. ஏஜென்சிக்காரர் வந்து நிற்கும்போது கல்லாவில் பணம் இருக்காது, நோட்டில்தான் இருக்கும். ‘வியாபாரம் நன்றாகத்தான் நடக்கிறது, ஆனால் சரக்கு எடுக்கப் பணம் புரளவில்லை’ என்று ஒருவர் சொன்னால், முதலில் கடன் நோட்டைத்தான் எடுக்கச் சொல்வேன்.

வராமலே போகும் கடன் இன்னும் பெரிய சுமை. ஒரு குடும்பம் 3,000 ரூபாய் பாக்கி வைத்துவிட்டு வீடு மாறிப் போய்விட்டால், நூற்றுக்கு 12 லாபத்தில் அந்த 3,000த்தை மறுபடி சம்பாதிக்க 25,000 ரூபாய்க்குச் சரக்கு விற்க வேண்டும். அவள் கடையில் அது மூன்று நாள் வியாபாரத்துக்கும் மேல். அத்தோடு வாடிக்கையும் போய்விடும். பாக்கி ஏறிவிட்ட வீட்டுக்காரர் அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு, அதே தெருவில் இன்னொரு கடையில் ரொக்கம் கொடுத்து வாங்க ஆரம்பிப்பார். கடன் கொடுத்ததால் வந்த வாடிக்கை, கடனாலேயே போகும். இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மாதாமாதம் கொஞ்சம் கொடுத்துவிட்டு, கொடுத்ததைவிட அதிகமாக வாங்கிப்போகும் பெயர்கள் நோட்டில் இருக்கும். 800 பாக்கி 1,100 ஆகும், 1,100 பாக்கி 1,600 ஆகும். அந்தப் பெயரில்தான் பேச்சை மெதுவாகத் தொடங்க வேண்டும், அதுவும் 3,000 ஆவதற்கு முன்னால்.

அதற்காக மளிகைக் கடையில் கடனே கூடாது என்று எழுதிவிடாதீர்கள். தெருக்கடையில் அது நடக்காது. மாதச் சம்பளக்காரர், கட்டட வேலைக்குப் போய்ச் சனிக்கிழமை கூலி வாங்குபவர் எல்லாம் கணக்கு வைத்துத்தான் வாங்குவார்கள், அவர்களில் பெரும்பாலோர் ஒழுங்காகத் தருபவர்கள். நன்றாகச் சமாளிக்கும் கடைக்காரர்கள் செய்வது இதுதான். முதல் மூன்று மாதம் ‘புதுக்கடை, இன்னும் கணக்கு ஆரம்பிக்கவில்லை’ என்று சிரித்தபடி சொல்லிவிடுவார்கள். அதற்குள் யார் யார் எப்படி என்று தெருவே சொல்லிவிடும். அப்புறம் ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் என்று ஓர் எல்லை, பழைய பாக்கி தீர்ந்தால்தான் புதுக்கணக்கு. வாடிக்கைக்காரர் கையிலும் ஒரு சின்ன நோட்டு இருக்கும், வாங்கும்போதே இரண்டு நோட்டிலும் ஏறும். நான் இத்தனை வாங்கவே இல்லையே என்ற சண்டை அதில் பாதி ஒழிந்துவிடும்.

இவ்வளவையும் மடலில் எழுதச் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்தால்தான் எழுதும் ஒரு வரி சரியான இடத்தில் விழும் என்பதற்காகச் சொன்னேன். ‘கடன் கொடுக்காதே’ என்று எழுதினால் அது கட்டளை, அதுவும் கடையில் நிற்காத ஒருவர் நிற்கப்போகிறவருக்கு இடும் கட்டளை. ‘உன் கல்லா கனமாகவும் கடன் நோட்டு மெலிந்தும் இருக்கட்டும்’ என்றால் அது ஆசி, படிப்பவளுக்குச் சொன்னது புரிந்துவிடும். உங்களுக்கு இருக்கும் ஒவ்வொரு பயத்தையும் இப்படித் திருப்பிப் போட்டு, அது நடக்காமல் போனால் அவள் கடை எப்படி இருக்கும் என்று எழுதிப் பாருங்கள். வாழ்த்து தானாக வரும்.

மூன்றாவதாக ஒன்று, உங்களுக்கே தோன்றியிருக்கும்: வளையல். தோழி என்ற முறையில் நீங்கள் மட்டும்தான் அதைப் பற்றி அவளிடம் எழுத முடியும். ஆனால் ‘அடுத்த ஆவணிக்குள் மீட்டுவிடுவாய்’ என்று தேதி போட்டுவிடாதீர்கள். மேலே சொன்ன 16,300ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2 லட்சத்துக்கு வருடத்துக்கு நூற்றுக்குப் பத்து வட்டி என்று வைத்தால் மாதம் ஏறக்குறைய 1,700. மிச்சம் 14,600. அதில் வீட்டுக்கு 8,000 எடுத்தால் நிற்பது 6,600. அதை அப்படியே நகைக்கென்று ஒதுக்கினால் 2 லட்சம் சேர இரண்டரை வருடம் ஆகும். கடை நல்லபடியாக நடந்தாலே இப்படி. ஒரு வருடம் என்று நீங்கள் எழுதி, அடுத்த ஆவணியில் வளையல் இன்னும் வங்கியில் இருந்தால், நன்றாக நடக்கும் கடையைக்கூட அவள் தோல்வி என்று நினைத்துவிடுவாள். வட்டியை மட்டும் மாதாமாதம் எடுத்து வைக்கும் வசதி அவளுக்கு இருக்கட்டும் என்று நினையுங்கள். நகைக் கடனில் பலரும் தடுமாறுவது வட்டியைச் சேரவிட்டுக் கடைசியில் மொத்தமாகக் கட்டப் போகும்போதுதான்.

நாலாவதாக ஒரு சின்ன விஷயம், நாற்காலி. மளிகைக் கடையில் பெண்கள் தனியாக நிற்கும்போது பெரும்பாலும் உட்காருவதே இல்லை. வாசலில் ஆள் வந்தால் உடனே எழ வேண்டும் என்று நினைத்து நின்றுகொண்டே இருப்பார்கள். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத்திருத்தமே வந்தது. முதலாளியே வேலைக்காரியாகவும் இருக்கிற கடையில் அதைக் கேட்க ஆள் இல்லை. நீங்கள் பரிசு ஏதாவது அனுப்ப நினைத்தால், சுவர்க் கடிகாரமும் சாமி படமும் நாலைந்து வந்துவிடும், கல்லாவுக்குப் பின்னால் போட உயரமான ஸ்டூல் ஒன்று திண்டுக்கல்லிலேயே வாங்கிக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

இதையெல்லாம் வைத்து நான் எழுதினால் இரண்டாவது தாள் இப்படி இருக்கும். உங்கள் இருவருக்கும் தெரிந்த பேச்சை இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தோழிக்கு,

இதைக் கடையில் வைத்துப் படிக்காதே. இரவு எல்லாரும் தூங்கியபின் படி.

நீ கடை திறப்பதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வகுப்புப் பணத்தை உன்னிடம்தான் கொடுத்து வைப்போம், ஒரு ரூபாய் குறையாமல் திருப்பித் தருவாய். அந்தக் கை இனி உனக்கே சம்பாதிக்கட்டும்.

முதல் பத்து நாள் கூட்டம் தாங்காது, எல்லாரும் உன்னைப் பார்க்க வருவார்கள். அப்புறம் கொஞ்சம் குறையும். அப்படிக் குறைகிற நாளில் உன் மனம் தளராமல் இருக்கட்டும். அதற்கப்புறம் யார் வருகிறார்களோ அவர்கள்தான் உன் வாடிக்கை. அவர்கள் நாளுக்கு நாள் கூடட்டும்.

கேட்ட சாமான் இல்லை என்று நீ சொல்லும் நாள் வராமல் இருக்கட்டும். சரக்கு எடுக்கப் போகிற அன்றைக்கு உன் கையில் ரொக்கம் இருக்கட்டும். ரேக்கில் பழசு முன்னாலும் புதுசு பின்னாலும் நின்று, தேதி முடிந்து எடுத்துப் போடுவது உனக்கு ஒரு பொட்டலம்கூட இல்லாமல் போகட்டும்.

உன் கல்லா கனமாகவும் கடன் நோட்டு மெலிந்தும் இருக்கட்டும். உன் இரக்க குணம் எனக்குத் தெரியும், அது போக வேண்டாம். வாங்குகிறவர்களுக்குத் திருப்பித் தரும் நல்ல புத்தியும் உனக்கு வாய்விட்டுக் கேட்கும் தைரியமும் இருக்கட்டும். ஒருவர் பாக்கியால் இன்னொருவருக்குச் சரக்கு இல்லை என்று ஆகாமல் இருக்கட்டும்.

வீட்டுக்கு நீ எடுக்கிற அரிசியும் எண்ணெயும் நோட்டில் ஏறட்டும், உன் உழைப்புக்கு ஒரு சம்பளமும் அதே நோட்டில் ஏறட்டும். மாசம் பிறந்தால் வட்டியை எடுத்து வைக்கத் தட்டுப்பாடு இல்லாமல் இருக்கட்டும். வளையல் அதற்குரிய நேரத்தில் உன் கைக்கு வரட்டும். அவசரமில்லை. அது வருகிற அன்றைக்கு நான் நேரில் வருகிறேன்.

கடையில் உட்கார்ந்துகொள். ஆள் இல்லாத மத்தியானத்தில் சூடாகச் சாப்பிடு. வாரத்தில் ஒரு நாள் சாயங்காலமாவது கதவை இறக்கிவிட்டுப் பிள்ளைகளோடு இரு.

நான் ஊருக்கு வரும்போதெல்லாம் உன் கடையில்தான் வாங்குவேன். கையில் பணத்தோடு வருவேன், போட்ட விலையைத்தான் கொடுப்பேன், நீ குறைத்தால் வாங்க மாட்டேன்.

நன்றாக இரு.
உன் தோழி

கடைசிக்கு முந்தின வரியை ஏன் சேர்த்தேன் என்று சொல்லிவிடுகிறேன். புதுக்கடைக்கு முதல் கடன்காரர்கள் பெரும்பாலும் நண்பர்களும் உறவினர்களும்தான். கேட்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது, நோட்டில் எழுதவும் கூச்சம். ‘எங்களுக்கு என்ன விலை?’ என்று கேட்டுக் குறைக்கச் சொல்வதும் அவர்கள்தான். நூற்றுக்கு 12 லாபம் என்று வைத்தால், ஆயிரம் ரூபாய் சாமானுக்கு ஐம்பது ரூபாய் குறைத்தாலே அவள் பங்கில் ஏறக்குறைய பாதி போய்விடுகிறது. ஒரு தோழி முதலிலேயே ‘நான் முழு விலை கொடுப்பேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால், மற்றவர்களிடம் அதைச் சொல்லிக்காட்ட அவளுக்கு வசதியாக இருக்கும். ஆனால் எழுதினால் அப்படியே நடக்க வேண்டும்.

வீட்டுக்கு எடுக்கும் சாமான் நோட்டில் ஏற வேண்டும் என்ற வரியும் தேவைதான். சொந்தக் கடையிலிருந்து மாதம் 4,000 ரூபாய்க்குச் சாமான் கணக்கில்லாமல் வீட்டுக்குப் போனால், வருடக் கடைசியில் லாபம் எங்கே போனது என்று தெரியாமல் கடைமேல் சந்தேகம் வரும். எடுக்கக் கூடாது என்பதில்லை. எழுதிவிட்டு எடுத்தால் அதுவே அவள் சம்பளத்தில் ஒரு பகுதி.

நான் எழுதாமல் விட்டவை சில உண்டு. உரிமம், பதிவு, ஜிஎஸ்டி எதையும் மடலில் தொடவில்லை. சாப்பாட்டுச் சாமான் விற்கும் கடை எவ்வளவு சிறியதானாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் விற்பனை அளவைப் பொறுத்துப் பதிவோ உரிமமோ வேண்டும், நகராட்சி அல்லது மாநகராட்சியின் தொழில் உரிமமும் வேண்டும். பெயர்ப் பலகையில் தமிழ் மேலே பெரிதாக இருக்க வேண்டும். பொருள் விற்பவருக்கு வருட விற்பனை 40 லட்சத்துக்குள் இருக்கும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை, அவள் கணக்குப்படி 28,80,000தான் வரும். இவற்றைப் பற்றி சந்தேகம் இருந்தால் போனில் ‘பதிவெல்லாம் ஆயிற்றா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள், போதும். எழுத்தில் வந்தால் ஆசிக்கு நடுவே அலுவலகக் கடிதம் புகுந்த மாதிரி இருக்கும். அதேபோல அந்தத் தெருவில் இருக்கும் பழைய கடை, பக்கத்தில் வந்திருக்கும் பெரிய சூப்பர் மார்க்கெட், முன்பு அதே கட்டடத்தில் ஓடாமல் போன கடை ஆகியவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை வேண்டாம். அவள் அவற்றைத் தினமும் கண்ணால் பார்க்கிறாள். ‘நஷ்டம் வந்தாலும் கலங்காதே’ என்ற ஆறுதலும் வேண்டாம், திறப்பு நாளில் அந்தச் சொல்லே வீட்டுப் பெரியவர்களுக்குப் பிடிக்காது.

மொய் வைப்பதாக இருந்தால் 501, 1,001 என்று ஒரு ரூபாய் சேர்த்து அட்டை உறையிலேயே வையுங்கள். அதைவிட எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. திண்டுக்கல்லில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால், அந்தப் பணத்தை அவரிடம் கொடுத்து, திறப்பு நாளில் உங்கள் பெயரைச் சொல்லி மஞ்சள், உப்பு, சர்க்கரை, அரிசி என்று ரொக்கத்துக்கு வாங்கச் சொல்லுங்கள். உறையில் வந்த பணம் பெட்டிக்குள் போய்விடும். சாமான் வாங்கிய பணம் அன்றைய விற்பனையில் ஏறும், அன்றைக்கு அந்தக் கூட்டுத்தொகையைத்தான் அவள் திரும்பத் திரும்பப் பார்ப்பாள்.

அனுப்பும்போது ஒரு கவனம். அட்டையைக் கடை விலாசத்துக்கு, திறப்புக்கு இரண்டு நாள் முன்னாலேயே போய்ச் சேருகிற மாதிரி அனுப்புங்கள். இரண்டாவது தாளைத் தனி உறையில் ஒட்டி, வீட்டு விலாசத்துக்கு, அவள் பெயருக்கே அனுப்புங்கள். அது திறப்பு முடிந்து மூன்று நாள் கழித்துப் போனாலும் தவறில்லை. அன்றைக்குத்தான் அவளுக்கு உட்கார்ந்து படிக்க நேரம் கிடைத்திருக்கும்.